காங்கேயம் தேங்காய் எண்ணெய் ஆலை: தொடக்கப் பதிவுகளும் உரிய குறிப்பேடும் (1 ஏப்ரல் 2025 முதல் 30 ஜூன் 2025 வரை)

முன்குறிப்பு

காங்கேயத்தில் வாடகைக் கட்டடத்தில் இயங்கிவந்த தேங்காய் எண்ணெய் ஆலையை, அதன் சொத்துகளோடும் பட்டியலிட்ட பொறுப்புகளோடும், நடந்துகொண்டிருக்கும் தொழிலாகவே நம் உரிமையாளர் 31 மார்ச் 2025 அன்று எழுதிய ஒப்பந்தப்படி ரூ. 28,00,000-க்கு வாங்கியிருக்கிறார். தொழில் 1 ஏப்ரல் 2025 காலை முதல் அவருடைய கணக்கில் நடக்கிறது. விற்றவரின் பழைய பேரேடுகளைத் தொடர்ந்து எழுதாமல் புதிய ஏடுகள் திறக்கப்பட்டுள்ளன. பழைய ஏடுகளைத் தொடர்ந்தால், விற்றவர் காலத்து ஆதாயமும் நட்டமும் வாங்கியவரின் இலாப நட்டக் கணக்கில் கலந்துவிடும். அப்படிக் கலக்காமல் காப்பதே கீழுள்ள பதிவுகள் அனைத்தின் நோக்கம்.

விற்றவர் தம்மிடமே வைத்துக்கொண்டவை அவருடைய கை ரொக்கமும் வங்கி இருப்பும் ஆகும். அவர் தனிப்பட்ட முறையில் வாங்கியிருந்த கடனும், 31 மார்ச் வரையிலான அவருடைய வருமான வரியும் ஒப்பந்தத்தில் ஏற்கப்படவில்லை. ஆகவே அவற்றுக்கு இந்த ஏட்டில் இடமில்லை.

1 ஏப்ரல் 2025: தொடக்கப் பதிவு

வங்கிக் கணக்கு, பற்று ரூ. 22,00,000
ரொக்கக் கணக்கு, பற்று ரூ. 50,000
மின்னணுத் தராசுக் கணக்கு, பற்று ரூ. 60,000
உரிமையாளர் முதல் கணக்கு, வரவு ரூ. 23,10,000

(உரிமையாளர் தொழிலுக்கென்று தனியே தொடங்கிய வங்கிக் கணக்கில் செலுத்திய தொகையும், கையில் கொடுத்த ரொக்கமும், தம் சொந்தத் தராசின் அன்றைய மதிப்பும் முதலாகக் கொண்டுவரப்பட்டன. வங்கியும் ரொக்கமும் ரொக்க ஏட்டில் தொடக்க இருப்பாக ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளதால், இங்கிருந்து அவற்றைப் பேரேட்டுக்கு மீண்டும் எடுத்தெழுதக் கூடாது.)

1 ஏப்ரல் 2025: தொழில் வாங்கியதற்கான பதிவு

இயந்திரக் கணக்கு, பற்று ரூ. 13,20,000
அறைகலன் கணக்கு, பற்று ரூ. 90,000
சரக்கு வண்டிக் கணக்கு, பற்று ரூ. 4,00,000
சரக்கிருப்புக் கணக்கு, பற்று ரூ. 8,40,000
கடனாளிகள் கணக்கு, பற்று ரூ. 6,50,000
கட்டட வாடகை முன்பணக் கணக்கு, பற்று ரூ. 2,00,000
மாற்றப்பட வேண்டிய உள்ளீட்டு வரி வரவுக் கணக்கு, பற்று ரூ. 46,000
முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கு, பற்று ரூ. 18,000
நற்பெயர் கணக்கு, பற்று ரூ. 3,40,000
கடனீந்தோர் கணக்கு, வரவு ரூ. 5,20,000
வங்கி இயந்திரக் கடன் கணக்கு, வரவு ரூ. 4,00,000
கொடுபட வேண்டிய கூலி, மின்கட்டணக் கணக்கு, வரவு ரூ. 34,500
பணிக்கொடை ஒதுக்குக் கணக்கு, வரவு ரூ. 1,17,000
ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு, வரவு ரூ. 32,500
விற்றவர் கணக்கு, வரவு ரூ. 28,00,000
இருபக்க மொத்தம் ரூ. 39,04,000

(சொத்துகள் விற்றவரின் இருப்புநிலைக் குறிப்பில் கண்ட விலையில் அல்லாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பில் ஏற்கப்பட்டன. இயந்திரம் அவருடைய ஏட்டில் ரூ. 14,40,000; எக்ஸ்பெல்லரின் திருகுத் தண்டு தேய்ந்திருந்ததை மதிப்பீட்டாளர் சுட்டிக்காட்டியதால் ரூ. 1,20,000 குறைந்தது. அறைகலன் ரூ. 1,10,000-லிருந்தும், வண்டி ரூ. 4,60,000-லிருந்தும் குறைக்கப்பட்டன. சரக்கு ரூ. 8,75,000 என்று காட்டப்பட்டிருந்தது. 31 மார்ச் மாலை இருவர் முன்னிலையிலும் எடை போட்டதில் தேங்காய்ப் பருப்பில் ஒரு பகுதி பூஞ்சணம் பிடித்திருந்ததால் ரூ. 35,000 கழிக்கப்பட்டது.

கடனாளிகளை முழுத் தொகையில் பற்றெழுதி, 5 விழுக்காட்டு ஒதுக்கைத் தனியே வரவெழுதியிருக்கிறோம். நிகரத் தொகையான ரூ. 6,17,500-ஐ மட்டும் எழுதினால், ஒவ்வொரு கடனாளியின் தனிக் கணக்கும் பேரேட்டு மொத்தத்தோடு பொருந்தாமற்போகும்.

ஏற்ற சொத்துகள் ரூ. 35,64,000, ஒதுக்கு உள்ளிட்ட பொறுப்புகள் ரூ. 11,04,000; நிகரம் ரூ. 24,60,000. கொடுக்கும் விலை இதைவிட ரூ. 3,40,000 கூடுதல் என்பதால் அந்தத் தொகையே நற்பெயர். பணம் கொடுத்துப் பெற்றது என்பதால் அதை ஏட்டில் ஏற்றுகிறோம். உரிமையாளர் இனித் தம் உழைப்பால் வளர்க்கும் பெயருக்கு எந்தத் தொகையும் இக்கணக்கில் சேர்க்கப்படலாகாது. ஐந்தாண்டுகளில் சமமாகப் போக்கெழுதுவது என்று முடிவாகியுள்ளது. முதல் தவணை ரூ. 68,000, தேய்மானப் பதிவுகளோடு 31 மார்ச் 2026 அன்று எழுதப்படும். 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு வருமான வரிக் கணக்கில் நற்பெயருக்குத் தேய்மானம் இல்லை என்பதால், வரிக் கணிப்பில் இத்தொகையைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

இயந்திரக் கடனை உரிமையாளர் பெயருக்கு மாற்ற வங்கி எழுத்து மூலம் இசைந்துள்ளது. அந்த இசைவு இல்லாதிருந்தால் இக்கடனை நம் பொறுப்பாக எழுதியிருக்க முடியாது. பணிக்கொடைத் தொகை, தொழிலாளர்கள் விற்றவரிடம் செய்த வேலைக்காலத்துக்கு உரியது. அவர்களுடைய பணி இடையறாமல் தொடர்கிறது என்று ஒப்பந்தம் சொல்வதால், அந்தக் காலத்துக்கான பொறுப்பும் விலைக் கணிப்பிலேயே வந்தாக வேண்டும். தொழில் கைமாறும்போது மிக எளிதாக விட்டுப்போவது இந்தத் தொகைதான். பல ஆண்டுகள் கழித்து ஒரு தொழிலாளி விலகும் நாளில்தான் அதன் கனம் தெரியும். எனவே இதை வேறெந்தப் பொறுப்போடும் சேர்க்காமல் தனிக் கணக்காக வைத்திருக்கிறேன்.

தொழில் முழுமையாக, நடந்துகொண்டிருக்கும் நிலையிலேயே மாற்றப்பட்டதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. ஆகவே விலையின்மீது வரி எதுவும் பதியப்படவில்லை.)

3 ஏப்ரல் 2025

விற்றவர் கணக்கு, பற்று ரூ. 10,00,000
செலுத்தற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கு, வரவு ரூ. 5,00,000
விற்றவர் கடன் கணக்கு, வரவு ரூ. 5,00,000

(விலையில் ரூ. 18,00,000 அன்றே வங்கி வழியாகச் செலுத்தப்பட்டது. அது ரொக்க ஏட்டில் இருப்பதால் இங்கே இடம்பெறவில்லை. எஞ்சியதில் ரூ. 5,00,000-க்கு விற்றவர் எழுதிய மூன்று மாத மாற்றுச்சீட்டு ஏற்கப்பட்டது. மூன்று சலுகை நாள்களையும் சேர்த்தால் வரும் 6 ஜூலை 2025 ஞாயிற்றுக்கிழமை என்பதால், அது முந்தைய வேலை நாளான 5 ஜூலை 2025 அன்று முதிர்கிறது. மற்ற ரூ. 5,00,000 ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் கடனாக நிற்கிறது. வட்டி 1 ஏப்ரலிலிருந்து ஓடும். இத்துடன் விற்றவர் கணக்கு முடிகிறது.)

9 ஏப்ரல் 2025

விற்றவர் கடன் கணக்கு, பற்று ரூ. 24,000
கடனாளிகள் கணக்கு, வரவு ரூ. 24,000

(கடனாளி ஒருவர் பழைய வழக்கப்படி 4 ஏப்ரல் அன்று விற்றவரிடமே பணத்தைக் கட்டிவிட்டார். கடன் கைமாறிய அறிவிப்பு அவருக்கு 7 ஏப்ரல் அன்றுதான் சேர்ந்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, 130-ஆம் பிரிவின்படி, அறிவிப்புக்கு முன் பழைய கடனீந்தவருக்குக் கொடுத்த பணம் செல்லுபடியாகும் என்பதால், அவரிடம் மறுபடி கேட்க நமக்கு உரிமையில்லை. பெற்றவர் விற்றவரே ஆகையால், அவருக்குத் தர வேண்டிய கடனில் கழிக்கப்பட்டது.)

16 ஏப்ரல் 2025

விற்றவர் கடன் கணக்கு, பற்று ரூ. 38,000
கடனீந்தோர் கணக்கு, வரவு ரூ. 38,000

(29 மார்ச் தேதியிட்ட தேங்காய்ப் பருப்புப் பட்டியல் ஒன்று இன்று வந்தது. விற்றவர் கொடுத்த கடனீந்தோர் பட்டியலில் இது இல்லை. ஆனால் அந்தப் பருப்பு 31 மார்ச் எடையில் சேர்ந்து விலையிலும் ஏறியிருக்கிறது. பட்டியலில் காட்டாத பொறுப்பு விற்றவரையே சாரும் என்று ஒப்பந்தம் கூறுகிறது. சரக்கு தந்தவருடன் உறவு கெடாதிருக்க நாமே கட்ட ஒப்புக்கொண்டு, அத்தொகையை விற்றவர் கடனில் கழித்திருக்கிறோம். இதைக் கொள்முதலில் பற்றெழுதினால் ஒரே சரக்குக்கு இருமுறை விலை கொடுத்ததாகிவிடும். நற்பெயரில் ஏற்றினால் விற்றவரின் விடுபாட்டுக்கு நாம் விலை கொடுத்ததாகிவிடும். இரண்டுமே சரியல்ல.)

22 ஏப்ரல் 2025

உள்ளீட்டு வரி வரவுக் கணக்கு, பற்று ரூ. 46,000
மாற்றப்பட வேண்டிய உள்ளீட்டு வரி வரவுக் கணக்கு, வரவு ரூ. 46,000

(விற்றவர் பட்டயக் கணக்கர் சான்றுடன் பதிவேற்றிய GST ITC-02 படிவத்தை இன்று வலைத்தளத்தில் ஏற்றோம், தொகை நம் மின்னணு வரவுப் பேரேட்டில் வந்துவிட்டது. ஏற்கும்வரை பயன்படுத்த முடியாத தொகை என்பதால்தான் முதலில் தனிக் கணக்கில் நிறுத்தப்பட்டது.)

30 ஏப்ரல் 2025: பிழை திருத்தம்

இயந்திரக் கணக்கு, பற்று ரூ. 15,000
பழுதுபார்ப்புச் செலவுக் கணக்கு, வரவு ரூ. 15,000

(எக்ஸ்பெல்லரின் திருகுத் தண்டை மாற்றிய செலவு ரொக்க ஏட்டிலிருந்து பழுதுபார்ப்பில் எடுத்தெழுதப்பட்டிருந்தது. வாங்கும்போதே அறிந்து, அதற்காக விலையையும் குறைத்த குறை இது. ஆலையை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன முதலினச் செலவே அன்றி ஆண்டுச் செலவன்று.)

19 மே 2025

ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு, பற்று ரூ. 20,000
கடனாளிகள் கணக்கு, வரவு ரூ. 20,000

(விற்றவரிடமிருந்து ஏற்ற கடன்களில் ஒன்று வாராக்கடனானது. இத்தகைய இழப்பை எதிர்பார்த்தே விலை குறைக்கப்பட்டிருப்பதால், இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் ஒதுக்கிலிருந்தே ஈடுசெய்யப்பட்டது. ஒதுக்கில் மிச்சம் ரூ. 12,500. 1 ஏப்ரலுக்குப் பிந்தைய விற்பனையில் எழும் வாராக்கடனுக்கு இந்த மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது.)

31 மே 2025

எடுப்புக் கணக்கு, பற்று ரூ. 6,300
கொள்முதல் கணக்கு, வரவு ரூ. 6,000
உள்ளீட்டு வரி வரவுக் கணக்கு, வரவு ரூ. 300

(உரிமையாளர் வீட்டுக்கு எடுத்த எண்ணெய், அடக்க விலையில். சொந்தப் பயனுக்கான சரக்கின்மீது வரி வரவு கிடையாது என்பதால் அதுவும் திருப்பப்பட்டது.)

30 ஜூன் 2025: சரிக்கட்டுப் பதிவுகள்

காப்பீட்டுச் செலவுக் கணக்கு, பற்று ரூ. 9,000
முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கு, வரவு ரூ. 9,000

(செப்டம்பர் முடிய ஆறு மாதங்களுக்கு உரிய தொகையில் மூன்று மாதப் பங்கு.)

விற்றவர் கடன் வட்டிக் கணக்கு, பற்று ரூ. 9,855
கொடுபட வேண்டிய வட்டிக் கணக்கு, வரவு ரூ. 9,855

(ஒப்பந்தப்படி 9 ஏப்ரல், 16 ஏப்ரல் கழிவுகள் இரண்டும் 1 ஏப்ரல் முதலே கழிந்ததாகக் கொள்ளப்படும். எனவே எஞ்சிய ரூ. 4,38,000-க்கு மட்டும், 9 விழுக்காட்டில், மூன்று மாத வட்டி. விற்றவர் அனுப்பிய கணக்கில் முழு ரூ. 5,00,000-க்கும் ரூ. 11,250 கேட்கப்பட்டுள்ளது, கழிவுகள் இரண்டுக்குமான சான்றுகளின் படிகள் அவருக்கு இன்று அனுப்பப்பட்டன.)