வரப்பு வழி

ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மன்னார்குடிதான். தார் ரோட்டில் போனால் பதினோரு கிலோமீட்டர். வயலுக்குள் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, பாமணி ஆற்றங்கரையைப் பிடித்துவிட்டால் ஆறு கிலோமீட்டர்தான். முதல் டவுன் பஸ் எட்டரைக்கு. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்துவிட்டதால் எட்டு மணிக்கே சிறப்பு வகுப்பு. செல்வம் யோசிக்கவே இல்லை. அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற பழைய சைக்கிளைத் துடைத்து வயலில் இறக்கினான்.

2018 ஜூன். மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஆடு மாடு நடந்த தடத்திலேயே சைக்கிள் ஓடியது. எங்கே வளைக்க வேண்டும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஜூலை 19-ல் அணை திறந்தார்கள். சில வாரங்களில் கடைசி வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் வந்தது. டிராக்டர் இறங்கி அந்தத் தடத்தை உழுது போட்டது. மிஞ்சியது வரப்பு மட்டும்தான், ஓரடி அகலம். இரண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர். இடையில் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். புதுச் சைக்கிள், புது டயர். கண்ணைத் தூரத்தில் வைத்தால் சக்கரம் நேராகப் போகும், சக்கரத்தையே பார்த்தால் விழுவோம் என்று தெரிந்துகொண்டான். இரண்டு முறை விழுந்து தெரிந்துகொண்டதுதான். புத்தகப் பைக்கு மேல் பாலித்தீன் உறை போட்டதும் அதற்குப் பிறகுதான்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த ஒரு காலை, மோட்டார் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வரப்பில் குறுக்கே கருவேல முள் கிடந்தது. இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டினான். மறுநாள் முள் இன்னும் அகலமாகக் கிடந்தது. டயரில் ஏறியது. அன்று சிறப்பு வகுப்பு முடியும்போதுதான் பள்ளி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னான். "யாரோ வேணும்னே முள்ளை வெட்டிப் போடுறாங்கம்மா."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள். "எந்த வரப்பு?"

"மோட்டார் கொட்டகைக்கு அந்தாண்ட."

"அது கோவிந்தசாமி ஐயா வயலுடா. அண்டை வெட்டிப் பூசி நாலு நாள்கூட ஆவல. பச்ச மண்ணுல சைக்கிள ஓட்டுனியா நீ?"

அவன் பதில் சொல்லவில்லை.

"நேத்து உரம் போட்டாரு. ராத்திரியோட ராத்திரியா தண்ணி பூரா பக்கத்து வயலுக்குப் போயிடுச்சு. நண்டு வளைன்னு நெனச்சோம். நான் நட்ட வயலுடா அது. இடுப்பு ஒடிய நட்டுட்டு வந்து இருக்கேன், நீ அதுல தடம் போட்டுட்டுப் போறியா?"

அவர்களுக்கு நிலம் கிடையாது. தினமும் தாண்டிப் போகும் வயல்களில் எதெதில் அம்மாவின் கை பட்டிருக்கிறது என்று அவன் கேட்டதே இல்லை. அன்று அவளே வரிசையாகச் சொன்னாள். வாய்க்கால் வரைக்கும் முக்கால்வாசி வயல் அவள் நட்டது.

அடுத்த நாள் விடிவதற்கு முன்பே அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் நிறுத்தினாள். கோவிந்தசாமி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் சைக்கிளைத்தான் பார்த்தார்.

"கெவர்மெண்டு சைக்கிளா?"

"ஆமா தாத்தா."

"கொட்டகையிலேருந்து வாய்க்கா வரைக்கும் எறங்கித் தூக்கிட்டுப் போ. அதுக்கு அந்தாண்ட ஓட்டிக்க. தள்ளவும் கூடாது, தூக்கணும். சரியா?"

"சரி தாத்தா."

"அப்புறம் இன்னொண்ணு. எனக்கு முட்டி மடக்க முடியல, காலைல கடைசி மடை வரைக்கும் நடக்க மாட்டேங்கிறேன். தூக்கிட்டுப் போறப்ப கீழ பாத்துட்டே போ. எங்க கசியுது, எங்க எலி வெட்டியிருக்கு, எந்தப் பக்கம் வெளுத்திருக்கு. சாயங்காலம் வந்து சொல்லு."

தூக்கிக்கொண்டு நடந்தால்தான் தெரிந்தது அந்த வரப்பு எவ்வளவு நீளம் என்று. தோளில் பார் அழுத்தியது. மெதுவாகத்தான் போக முடிந்தது. ஓட்டிப்போன காலத்தில் கண்ணில் படாததெல்லாம் பட்டது. நண்டு வளையில் சுழித்து இறங்கும் தண்ணீர், எலி வெட்டிப் போட்ட தூர், மடைக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் ஓடிய பயிர். முதல் வாரம் "ஒண்ணும் இல்ல தாத்தா" என்று சொன்னவன், அப்புறம் கைவிரலை நீட்டி நீட்டிச் சொல்ல ஆரம்பித்தான். சின்னக் கசிவாக இருந்தால் பையை வரப்பில் வைத்துவிட்டுக் காலால் சேற்றை மிதித்து அடைத்துவிட்டே போவான். பெரியவர் பாராட்டியதில்லை. "கிழக்கால மூலையப் பாத்தியா?" என்பார். அவ்வளவுதான். அவன் சொன்னதை நம்பி மண்வெட்டியோடு ஆள் அனுப்புவார். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. ராத்திரி முழுக்கக் கூரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். விடிந்து வெளியே வந்தால், ஊருக்கு அடையாளமாக நின்ற தென்னந்தோப்பு இல்லை. தார் ரோட்டில் புளியமரங்களும் மின்கம்பங்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. மெயின்ரோட்டுக்கு நடந்தே போக முடியவில்லை.

மறுநாள் காலை கோவிந்தசாமி தடியை ஊன்றிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் அந்தத் தெருவுக்கு வந்து அம்மா பார்த்ததில்லை. எழுந்து நின்றாள்.

"பாட்டிக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டும் தீந்துபோச்சு. தலை சுத்துதுன்னு படுத்துக்கிட்டா. மன்னார்குடிக்குப் போக முடியுமாடா தம்பி?"

மாத்திரை அட்டையையும் பணத்தையும் நீட்டினார். செல்வம் சைக்கிளை எடுத்தான். கொட்டகை வரைக்கும் அவரும் கூடவே வந்தார். கொட்டகையின் தகரம் எங்கோ பறந்துபோயிருந்தது. அவன் வழக்கம்போல இறங்கி, சைக்கிளைத் தோளுக்கு ஏற்றினான்.

"எறக்குடா. ஏறி ஓட்டு."

"வரப்பு ஊறிக் கெடக்கு தாத்தா. ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா கட்டிக்கலாம். ஓட்டு நீ."

ஓட்டினான். சக்கரம் பாதி புதைந்து புதைந்து எழுந்தது. வாய்க்கால் மேல் கிடந்த தென்னைமரப் பாலம் தண்ணீரில் போயிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டினான். ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே ஏற்றி இறக்கினான். எத்தனை மரம் என்று எண்ணத் தோன்றவில்லை. மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடை பாதி ஷட்டர் தூக்கி, மெழுகுவர்த்தி வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று மாத்திரையை வாங்கினான். மீதிக் காசில் இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி.

திரும்பி வரும்போது மணி மூன்றுக்கு மேல். பெரியவர் தகரமில்லாத கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"மீதிக் காசுல மெழுகுவத்தி வாங்கிட்டேன் தாத்தா. ஒரு பாக்கெட் உங்களுக்கு."

"ம். மடை எப்படி இருக்கு?"

"கடைசி மடை போச்சு. வரப்புல என் சக்கரத் தடத்துல மூணு எடத்துல ஒடஞ்சிருக்கு. பயிர் சாயல, தண்ணிக்குள்ள நிக்குது. இன்னிக்கே வடிச்சா தேறும்னு தோணுது."

"வாய்க்கால்ல தண்ணி எறங்குதா?"

"காலைல இடுப்பு வரைக்கும். இப்ப தொடை."

"அப்ப வடிச்சிரலாம். இந்த மாத்திரைய பாட்டிகிட்ட குடுத்துட்டு, உங்கம்மாவயும் வரச் சொல்லு. ரெண்டு மண்வெட்டி திண்ணைல இருக்கு, எடுத்துட்டு வா."

செல்வம் சைக்கிளைத் திருப்பினான்.