ஆடி பிறந்துவிட்டது, உங்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நாங்கள் வீட்டில் போடும் வடாம், வத்தல், வடகத்தில் இந்த ஆண்டின் கடைசிப் பொட்டலமும் நேற்று கூரியரில் போய்விட்டது. ஆடிக் காற்று தொடங்கியதும் எங்கள் மொட்டை மாடியில் எதையும் உலர்த்த முடியாது. மண்ணும் சருகும் வந்து விழும். திருவையாற்றில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். வேலை ஓய்ந்த இந்த நேரத்தில், மாசியில் மாவடு போட்டது முதல் இன்றுவரை எங்களிடம் வாங்கிய உங்கள் அனைவருக்கும் நானும் அத்தையும் நன்றி சொல்ல விரும்புகிறோம்.

முதலில், காத்திருந்தீர்களே, அதற்கு. சித்திரையில் எதிர்பாராமல் பெய்த கோடை மழை உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது தாளிப்பு வடகம் பாதி காய்ந்த நிலையில் இருந்தது. சின்ன வெங்காயத்தை இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருட்டிவைக்கிறோம். பகலெல்லாம் காய்ந்ததை மாலையில் அள்ளி, மறுபடி பிசைந்து, உருட்டி, மறுநாள் வெயிலில் வைக்கிறோம். உள்ளே ஈரம் சுண்டி, கையில் எடுத்தால் கனமில்லாமல் கலகலவென்று ஆகும்வரை இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்துவைத்தால் அடுத்த கோடைவரை கெடாது. நடுவில் வெயில் போய்விட்டால் வெங்காயம் புளித்துவிடும். அந்த ஈட்டை அப்படியே ஒதுக்கிவிட்டு, புதிதாக வெங்காயம் வாங்கி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

முன்பணம் கட்டியிருந்தவர்களுக்குத் தாமதமாகும் என்று எழுதவே கை தயங்கியது. வந்த பதில்களைப் பார்த்து அத்தை கண்கலங்கிவிட்டார். “நன்றாகக் காயட்டும் அம்மா, நாங்கள் எங்கே போகப்போகிறோம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் ஓரிருவர்தான், அவர்களும் நயமாகவே கேட்டார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி உண்டு. அந்த வாரத்தில் நீங்கள் காட்டிய பொறுமையால்தான் எங்களோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கூலியை நிறுத்தாமல் கொடுக்க முடிந்தது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குறை சொன்னவர்களுக்கும் நன்றி. முதல் ஈட்டு மோர் மிளகாயில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து எழுதினீர்கள். அடுத்த ஈட்டிலிருந்து குறைத்துவிட்டோம். மிளகாய் இப்போதுதான் மோரின் புளிப்போடு ருசிக்கிறது என்று அத்தையே ஒப்புக்கொண்டார். கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து, ஊருக்கு வந்தபோது நேரில் கொண்டுவந்து கொடுத்தவர்களையும் மறக்கவில்லை.

இனி மழைக்காலம் வருகிறது. நீங்கள் வாங்கியவை வீணாகக் கூடாது என்பதால் இரண்டொரு செய்திகள். கூழ் வடாம் நமுத்துப்போனதாகத் தோன்றினால், வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம் தட்டில் பரப்பி எடுத்து, சூடு ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கடுக்கென்று நிற்கும். மணத்தக்காளி வத்தலை நெய்யில் வறுத்துச் சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். சளி பிடித்த நாளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது எங்கள் வீட்டு அனுபவம். தாளிப்பு வடகத்தில் ஒரு சிட்டிகை உதிர்த்து நல்லெண்ணெயில் தாளித்தால் வற்றல் குழம்புக்கும் கீரைக்கும் போதும், நிறையப் போட வேண்டாம். மாவடு தீர்ந்த பிறகு அடியில் தங்கும் காரத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், தயிர் சாதத்துக்கு அது அருமையான துணை. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

எதிலாவது பூசணம் கண்டாலோ, வாசனை மாறியிருந்தாலோ தயங்காமல் சொல்லுங்கள். ஒரு படம் அனுப்பினால் போதும், பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

இந்தக் கடிதத்தில் விலைப்பட்டியல் எதுவும் வைக்கவில்லை. மற்றவர்களிடம் சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை. மாசியில் பிஞ்சு மாங்காய் வரத்து தொடங்கியதும் வழக்கம்போல ஒரே ஒரு செய்தி அனுப்புவோம். அதுவும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘வேண்டாம்’ என்று எழுதினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம், அதில் எங்களுக்கு மனவருத்தம் சிறிதும் இருக்காது. வேண்டும் என்பவர்கள் அப்போது அளவைச் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

அன்புடன்,
அத்தையும் நானும்
திருவையாறு