பதில்: தரவுத்தளப் பொறியாளர் பணி – ஓராண்டு இடைவெளி பற்றியும் உங்கள் மற்ற கேள்விகள் பற்றியும்

வணக்கம் மேடம்,

உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. என் விண்ணப்பத்தைக் கவனமாகப் படித்திருக்கிறீர்கள் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது. 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை ஏன் வேலையில் இல்லை என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. தொழில்நுட்ப மேலாளருக்கு அப்படியே அனுப்பும்படி சுருக்கமாகக் கேட்டிருந்தீர்கள். கீழே உள்ள பத்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பலாம்:

"2024 ஜூலையில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. முழுநேரமும் ஆள் கூடவே இருக்க வேண்டிய நிலை. அதனால் நானே ராஜினாமா செய்தேன். அறிவிப்புக் காலத்தை முடித்து, பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு, செப்டம்பர் 30 அன்று வெளியேறினேன். அம்மா இப்போது தானே நடக்கிறார், பேசுகிறார். வீட்டில் நிரந்தர ஏற்பாடு செய்தாயிற்று. முழுநேர வேலைக்கு இப்போது தயாராக இருக்கிறேன்."

இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மருத்துவ விவரங்களை இதற்கு மேல் எழுதவில்லை, தவறாக நினைக்க வேண்டாம். அவை அம்மாவுடைய சொந்த விஷயம். நேர்காணலில் யாராவது கேட்டாலும் இதே அளவில்தான் சொல்வேன்.

அடுத்து, "நீங்களாக விலகினீர்களா, விலகச் சொன்னார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நானாகத்தான் விலகினேன். ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் இதோடு இணைத்திருக்கிறேன். ராஜினாமா தேதி, கடைசி வேலை நாள் இரண்டும் அதில் இருக்கின்றன. சம்பளமில்லா விடுப்பில் போகும்படி அப்போதைய மேலாளர் சொன்னார். ஆனால் எப்போது திரும்புவேன் என்று அந்தச் சமயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தேதி தெரியாமல் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரவு நேர அழைப்புகளை எல்லாம் மற்ற மூன்று பேர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் விடுப்பு கேட்காமல் விலகினேன். அதே மேலாளர் எனக்காகப் பரிந்துரை தரச் சம்மதித்திருக்கிறார். அடுத்த சுற்று உறுதியானதும் அவருடைய தொடர்பு விவரங்களை அனுப்புகிறேன்.

இந்த ஓராண்டைச் சுயவிவரத்தில் "சுதந்திர ஆலோசகர்" என்று போட்டு நிரப்பிவிடு என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நான் போடவில்லை. அந்த ஆண்டில் யாருக்கும் ஆலோசனை சொல்லிப் பணம் வாங்கவில்லை, அதனால் "குடும்பப் பராமரிப்பு" என்றே போட்டிருக்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பில் நீங்கள் எதைத் தேடினாலும் அதுதான் கிடைக்கும்.

மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஓராண்டு விலகியிருந்த பிறகு தொழில்நுட்பத்தில் எந்த அளவுக்குத் தொடர்பில் இருக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

போஸ்ட்கிரெஸ் 17 வெளிவந்தது 2024 செப்டம்பர் 26 அன்று, நான் வேலையை விடுவதற்கு நான்கு நாள் முன்பு. 18 வெளிவந்தது 2025 செப்டம்பர் 25 அன்று. ஆக, என் இடைவெளியில் நான் தவறவிட்டிருக்கக்கூடிய பெரிய விஷயங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பதிப்புகளுக்குள் அடங்கிவிடும். அம்மா மதியம் தூங்கும் நேரமும் இரவு ஒன்பதுக்கு மேலும்தான் எனக்குக் கிடைத்த நேரம். தினமும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று மாதம் மடிக்கணினியைத் திறந்ததாகவே நினைவில்லை. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

17இல் நான் அதிகம் பழகியது இன்கிரிமென்டல் பேக்கப். ஒவ்வொரு முறையும் முழுத் தரவுத்தளத்தையும் நகலெடுக்காமல், முந்தைய நகலுக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும் வசதி இது. `summarize_wal` அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். எடுப்பது சுலபம், மீட்பதுதான் சோதனை. அதனால் வீட்டுக் கணினியில் டேட்டா டைரக்டரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, `pg_combinebackup` மூலம் நகல்களை ஒன்றாக்கி, சர்வர் சரியாக எழுந்து நிற்கிறதா, வரிசைகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்த்துப் பழகினேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை. முந்தைய வேலையிலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

18ஐ பீட்டாவிலிருந்தே பார்த்து வருகிறேன். உங்கள் வேலை அறிவிப்பில் "பதிப்பு 13இலிருந்து மேம்படுத்தும் பணி" என்று இருந்ததால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உங்கள் தொழில்நுட்பக் குழுவுக்குப் பயன்படலாம். 18இல் புதிய கிளஸ்டர் உருவாக்கும்போது டேட்டா செக்சம் தானாகவே இயங்கும். 13இல் அப்படி இல்லை, நாமாகக் கேட்டால்தான் உண்டு. பழையதில் செக்சம் இல்லாமல் புதியதில் இருந்தால் `pg_upgrade` தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிடும். வழி இரண்டு: பழைய சர்வரை முறையாக நிறுத்திவிட்டு அதில் செக்சத்தை இயக்குவது, அல்லது புதியதைச் செக்சம் இல்லாமல் உருவாக்குவது.

```
pg_checksums --enable -D /data/pg13
initdb --no-data-checksums -D /data/pg18
```

இரண்டாவது வழியில் வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் நான் முதலாவதைத்தான் பரிந்துரைப்பேன். வட்டில் தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போனால் கண்டுபிடிக்கச் செக்சம் வேண்டும். அதற்காகச் சர்வரை நிறுத்தி வைக்கும் நேரம் தரவின் அளவைப் பொறுத்தது. அதை ஒத்திகை பார்த்துத்தான் சொல்ல முடியும். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 18க்கு மேம்படுத்தும்போது பெரும்பாலான பிளானர் புள்ளிவிவரங்கள் பழையதிலிருந்து கூடவே வந்துவிடுகின்றன. முன்பெல்லாம் மேம்படுத்திய கையோடு `ANALYZE` ஓடி முடியும்வரை தரவுத்தள வினவல்கள் தவழும். அந்த அவதி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பதிப்பு 13க்கான ஆதரவு 2025 நவம்பர் 13 அன்று முடிந்துவிட்டது என்பதால் இந்த வேலையை நீங்கள் அவசரமாகப் பார்ப்பது எனக்குப் புரிகிறது.

படித்ததை மட்டும் நம்பி எடுக்கச் சொல்லவில்லை. 2023இல் முந்தைய நிறுவனத்தில் 11இலிருந்து 15க்கு மாறிய பணியை நான்தான் முன்னின்று நடத்தினேன். சேவையை நீண்ட நேரம் நிறுத்த முடியாது என்பதால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாகப் போனோம். அதில் அட்டவணைகளின் தரவு போய்ச் சேரும். ஆனால் சீக்வென்ஸ்களின் நடப்பு எண் போய்ச் சேராது. மாறிய பிறகு முதல் புதிய பதிவே "duplicate key" என்று விழும். இதை ஒத்திகையிலேயே பார்த்து, எல்லாச் சீக்வென்ஸ்களுக்கும் `setval` போடும் ஸ்கிரிப்டைத் தயாராக வைத்திருந்தோம். பிரைமரி கீ இல்லாத அட்டவணைகளைத் தேடிப் பிடித்து அவற்றுக்கு ரெப்ளிகா ஐடென்டிட்டி வைத்ததும் அப்படித்தான். மாற்றம் நடந்த இரவில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. இப்படிப்பட்ட வேலையைத்தான் திரும்பவும் செய்ய விரும்புகிறேன். உங்கள் அறிவிப்பைப் பார்த்ததும் விண்ணப்பித்ததற்குக் காரணமும் அதுதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஓராண்டாக நான் உயிரோட்டமான உற்பத்திச் சூழல் எதையும் கையாளவில்லை. வீட்டுக் கணினியில் எவ்வளவு பழகினாலும், நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடிக்கும் நேரத்துப் பழக்கம் அதற்கு ஈடாகாது. முதல் ஒரு மாதம் வேறொருவரோடு சேர்ந்து ஆன்கால் பார்த்துவிட்டு, அப்புறம் தனியாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பேன். இடைவெளி இல்லாமல் வருகிற புதியவருக்கும் உங்கள் சூழல் புதிதுதானே, அதனால் இது பெரிய சலுகை அல்ல என்று நம்புகிறேன். தொழில்நுட்பத் தேர்வில் எனக்கு எந்தத் தளர்வும் வேண்டாம். செய்முறைத் தேர்வு இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

"இதே சூழ்நிலை மறுபடி வந்தால்?" என்றும் கேட்டிருந்தீர்கள். நோய் வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. எங்களால் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம். அக்கா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். பகலில் கூட இருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் நான் அழைத்துப் போவேன். அந்தத் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், அரை நாள் விடுப்பு போதும். இதைத் தவிர வேலை நேரத்தில் எனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சுழற்சி முறையில் இரவுப் பணி பார்ப்பதிலும் சிக்கல் இல்லை.

சம்பளம்: அறிவிப்பில் நீங்கள் கொடுத்திருக்கும் வரம்பின் நடுப்பகுதியை எதிர்பார்க்கிறேன். என் ஏழு ஆண்டு அனுபவத்துக்கும் இந்தப் பொறுப்புக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். இடைவெளியைக் காரணமாக வைத்து வரம்புக்குக் கீழே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி பேசிக்கொள்ளலாம்.

எனக்கு அறிவிப்புக் காலம் எதுவும் இல்லை. வேலைக்கான கடிதம் வந்த ஒரு வாரத்தில் சேர முடியும்.

அடுத்த வாரம் திங்கள், புதன், வியாழன் மூன்று நாட்களும் எந்த நேரமானாலும் பேசலாம். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொன்றுக்கு மேல் என்றால் வசதி. வீடியோ அழைப்பாக இருந்தால் இணைப்பை முந்தைய நாள் மாலைக்குள் அனுப்பினால் போதும். சான்றிதழ்களோடு, புதுப்பித்த சுயவிவரத்தையும் இணைத்திருக்கிறேன். முன்பு அனுப்பியதில் 2024–25 பகுதி ஒற்றை வரியாக இருந்தது. இப்போது மேலே உள்ள சிறு பத்தியை அங்கே சேர்த்திருக்கிறேன், மேலாளருக்கு இந்தப் பிரதியையே அனுப்புங்கள்.

நன்றி.

அன்புடன்,
சரவணன்