அடுக்குமாடி வீட்டை உரிய காலத்தில் ஒப்படைக்காதது குறித்த சட்ட அறிவிப்பு

பதிவு அஞ்சல் (ஒப்புகை அட்டையுடன்) மற்றும் மின்னஞ்சல் வழியாக

நாள்: 03.02.2025
இடம்: சென்னை

அனுப்புநர்: பிளாக் பி, ஏழாம் தளம், 704 எண் வீட்டின் ஒதுக்கீடு பெற்ற கணவன், மனைவி இருவரும்

பெறுநர்: மேற்படி திட்டத்தின் கட்டுமான நிறுவனத்தார், நிர்வாக இயக்குநர் அவர்களின் கவனத்துக்கு

பொருள்: 14.09.2021 தேதியிட்ட விற்பனை மற்றும் கட்டுமான ஒப்பந்தம் – வீட்டை ஒப்படைக்கவும், தாமதத்துக்கான வட்டியைச் செலுத்தவும் கோருதல்.

ஐயா,

1. தங்கள் திட்டத்தில் 1,050 சதுர அடி பரப்புள்ள இரண்டு படுக்கையறை வீட்டை ₹68,40,000 விலைக்கு வாங்க, 14.09.2021 அன்று தங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒப்படைப்புத் தேதி 31.03.2023 என்றும், அதற்கு மேல் ஆறு மாதச் சலுகைக் காலம் உண்டு என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. ஆக, எந்தக் கணக்கில் பார்த்தாலும் 30.09.2023-க்குள் வீடு எங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

2. நாங்கள் செலுத்திய தொகைகள் வருமாறு. அனைத்துக்கும் தங்கள் ரசீதுகள் எங்களிடம் உள்ளன.

20.08.2021 – முன்பதிவு – ₹5,00,000
14.09.2021 – ஒப்பந்தத்தின்போது – ₹8,68,000
10.01.2022 – அஸ்திவாரம் – ₹13,68,000
15.06.2022 – ஐந்தாம் தளக் கான்கிரீட் – ₹13,68,000
21.11.2022 – மேல்தளக் கான்கிரீட் – ₹13,68,000
17.02.2023 – செங்கல் வேலை, பூச்சு – ₹6,84,000
மொத்தம் – ₹61,56,000

இது விலையில் 90 விழுக்காடு. மீதி ₹6,84,000 ஒப்படைப்பின்போது தர வேண்டியது. கடைசி நான்கு தவணைகளும் வங்கிக் கடனாக நேரே தங்கள் கணக்குக்கு வந்தவை. அந்தக் கடனுக்கு மாதத் தவணையும், இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு ₹16,500 வாடகையும் சேர்த்துக் கட்டி வருகிறோம்.

3. 05.10.2023 அன்று நாங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு 18.12.2023 அன்றுதான் பதில் தந்தீர்கள். மிக்ஜாம் புயலால் வேலை தடைப்பட்டதாக அதில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் புயலில் சென்னை பட்ட பாட்டை நாங்களும் பட்டோம். அதைச் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் புயல் வந்தது 2023 டிசம்பர் முதல் வாரத்தில். சலுகைக் காலமும் முடிந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு வந்த புயல், அதற்கு முன்பே ஏற்பட்டுவிட்ட தாமதத்துக்கு எப்படிக் காரணமாகும்? 22.06.2024 தேதியிட்ட பதிலில் ஆள் பற்றாக்குறை என்றீர்கள். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் 6-ஆம் பிரிவு போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களையே தவிர்க்க இயலாத காரணங்களாகச் சொல்கிறது. ஆள் பற்றாக்குறை அதில் இல்லை.

4. 09.09.2024 அன்று, மீதித் தொகை முழுவதையும் கட்டினால் உள் அலங்கார வேலைக்காகச் சாவி தருவதாகவும், அதன்பின் தாமதம் பற்றி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டோம் என்று உறுதிக் கடிதம் தர வேண்டும் என்றும் எழுதினீர்கள். நாங்கள் மறுத்தோம். நிறைவுச் சான்றிதழ் இல்லாத கட்டிடத்தின் சாவியை வாங்குவது ஒப்படைப்பு ஆகாது. நிரந்தர மின் இணைப்பும் இல்லாத ஏழாம் மாடியில் யார் குடியேற முடியும்?

5. 12.01.2025 அன்று தங்கள் தளப் பொறியாளருடன் போய்ப் பார்த்தோம். லிஃப்ட் குழியின் வாசல் பிளைவுட் பலகையால் அடைக்கப்பட்டிருக்கிறது. ஏழு மாடியும் படியேறித்தான் போனோம். சமையலறை மேடைக்கான கிரானைட் கல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. குளியலறைக் குழாய்களின் வாய் சிமெண்ட் சாக்குத் துணியால் அடைக்கப்பட்டுள்ளது. பிளாக் முழுவதிலும் அன்று நாங்கள் கண்ட வேலையாட்கள் நான்கு பேர். புகைப்படங்கள் இணைப்பில் உள்ளன. பொறியாளர் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்; அவர்மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

6. இனி வட்டி. ஒப்பந்தப்படி நாங்கள் தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு. தாங்கள் தாமதித்தால் மாதம் சதுர அடிக்கு ₹5. 2022 ஜூன் தவணையை வங்கி ஒன்பது நாள் பிந்தி அனுப்பியதற்கு எங்களிடம் ₹6,072 வசூலித்தீர்கள். தங்களது பதினாறு மாதத் தாமதத்துக்கு அதே ஒப்பந்தக் கணக்கில் கிடைப்பது மொத்தம் ₹84,000 மட்டுமே. இந்த ஒருதலைப்பட்சமான ஷரத்து செல்லாது. மேற்படி சட்டத்தின் 2-ஆம் பிரிவு ‘வட்டி’ என்பதற்குத் தரும் விளக்கப்படி இரு தரப்புக்கும் ஒரே விகிதம்தான். இத்தகைய ஒப்பந்த ஷரத்துகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றமும் பயனியர் அர்பன் வழக்கில் 02.04.2019 அன்று தீர்ப்பளித்துள்ளது.

தங்களிடம் 18 விழுக்காடு நாங்கள் கேட்கவில்லை. தமிழ்நாட்டு விதிகளின்படி பாரத ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். 9.10 விழுக்காடும் கூடுதலாக 2 விழுக்காடும் சேர்த்து 11.10 விழுக்காடு கணக்கிட்டால், ₹61,56,000-க்கு மாதம் ₹56,943 ஆகிறது. சலுகைக் காலத்தை முழுவதுமாகத் தங்களுக்கு விட்டுக்கொடுத்து, 01.10.2023 முதல் 31.01.2025 வரை பதினாறு மாதங்களுக்கு ₹9,11,088 வர வேண்டியுள்ளது.

7. சட்டத்தின் 18(1) பிரிவின்படி, திட்டத்திலிருந்து விலகி முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அது நிபந்தனையற்ற உரிமை என்று நியூடெக் வழக்கில் 11.11.2021 அன்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆயினும் எங்களுக்கு வேண்டியது வீடுதான். ஆகவே இப்போதைக்கு விலகாமல் பின்வருவனவற்றைக் கோருகிறோம்:

(அ) நிறைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த நகல், மீதமுள்ள வேலைகள், ஒவ்வொன்றும் முடியும் தேதி ஆகியவற்றை 28.02.2025-க்குள் எழுத்தில் தர வேண்டும்.

(ஆ) நிலுவை வட்டி ₹9,11,088-ஐ 15.03.2025-க்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். கடைசித் தவணை ₹6,84,000-ஐ இதிலிருந்து கழித்துக்கொள்ளத் தாங்கள் விரும்பினால் அதற்கும் சம்மதம். ஆனால் அந்தக் கழிவு ஒப்படைப்பு நாளில்தான் நடக்க வேண்டும், மிச்சம் ₹2,27,088 மேற்சொன்ன தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

(இ) நிறைவுச் சான்றிதழ், மின் இணைப்பு, குடிநீர், இயங்கும் லிஃப்ட் ஆகியவற்றோடு 15.05.2025-க்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். லிஃப்டுக்கும் தீயணைப்புத் துறைக்குமான ஆய்வுகள் ஓரிரு வாரத்தில் முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த அறிவிப்பிலிருந்து நூறு நாளுக்கு மேல் அவகாசம் தருகிறோம்.

(ஈ) 01.02.2025 முதல் ஒப்படைப்பு நாள் வரை மாதம் ₹56,943 வீதம் வட்டியை, ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.

8. இவற்றில் எதையும் உரிய தேதிக்குள் நிறைவேற்றத் தவறினால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31-ஆம் பிரிவின் கீழ் புகார் அளிப்போம். வாடகை, மன உளைச்சல் ஆகியவற்றுக்கான இழப்பீட்டைத் தீர்ப்பளிக்கும் அலுவலர் முன் 71-ஆம் பிரிவின் கீழ் தனியே கோருவோம். திட்டத்திலிருந்து விலகும் உரிமையும் எங்களுக்கு நிலைத்திருக்கும். அவற்றுக்காகும் செலவுகளுக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்.

9. நேரில் பேச விரும்பினால் எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறோம். பேசி முடிவாவது எதுவாயினும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக இதுவரை தரப்பட்ட தேதிகள் ஐந்து, ஐந்தும் கடந்துவிட்டன.

இந்த அறிவிப்பின் நகல் எங்களிடம் உள்ளது.

இப்படிக்கு,

(கையொப்பம்) முதல் ஒதுக்கீட்டாளர், பி-704
(கையொப்பம்) இரண்டாம் ஒதுக்கீட்டாளர், பி-704

இணைப்பு: ஒப்பந்த நகல், ஆறு ரசீதுகள், 05.10.2023 முதல் 09.09.2024 வரையிலான மின்னஞ்சல்கள், 12.01.2025 அன்று எடுத்த பதினொரு புகைப்படங்கள், வட்டிக் கணக்கு.