இழையும் பூக்குழியும்: உரையாளர் முன் வைக்கும் வினாக்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை காரைக்குடியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'ஒரு சீமை, மூன்று விழாக்கள்' என்ற தலைப்பில் தாங்கள் ஆற்றவிருக்கும் உரையை அடுத்து நடைபெறும் கலந்துரையாடலை நெறிப்படுத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. நோன்பு நோற்பவர்களும், பூக்குழி இறங்கியவர்களும், கிறித்தவப் புனிதர் அருளானந்தரின் ஓரியூருக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் செல்பவர்களும் அவையில் இருப்பார்கள். ஆகவே எந்த வழிபாட்டையும் மெய்யா பொய்யா என்று நான் கேட்கப் போவதில்லை. அதைப் பற்றி நாம் சொல்லும் செய்தி எங்கிருந்து வந்தது, அதற்கு நாம் ஏற்றும் பொருள் யாருடையது என்பவற்றையே கேட்க விரும்புகிறேன்.

முதல் வினா பிள்ளையார் நோன்பைப் பற்றியது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்துச் சுடரேற்றி, அந்தச் சுடரோடு உட்கொள்வதை நகரத்தார் 'இழை எடுத்தல்' என்கிறார்கள். கடலில் புயலில் சிக்கிய முன்னோர் தம் ஆடையிலிருந்து இழை எடுத்துப் பிள்ளையாரை வேண்டியதே இதன் தொடக்கம் என்பது பரவலாக வழங்கும் கதை. அதே பருவத்தில் ஈழத் தமிழரும் 21 நாள் விநாயக விரதம் இருந்து, 21 இழைகள் கொண்ட காப்பு அணிகிறார்கள். அவர்களிடம் இந்தக் கப்பல் கதை இல்லை. கோயிலில் 'பிள்ளையார் கதை' படிக்கிறார்கள். நாளும் எண்ணும் நூலும் பொதுவாக இருந்து கதை மட்டும் வேறாக இருக்கும்போது, கதையிலிருந்து சடங்கு பிறந்தது என்பதா, முன்பே இருந்த சடங்குக்குக் கடலோடிய வணிகர்கள் தம் வாழ்விலிருந்து ஒரு காரணம் கண்டார்கள் என்பதா? இரண்டாவதே சரி என்று தாங்கள் கருதினால், அதற்குச் சான்றாக எதைக் காட்டுவீர்கள்? என் அப்பத்தா இழை மாவு பிடிக்கையில் கதை எதையும் சொன்னதில்லை. 'இப்படித்தான் எடுக்கணும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். கதையை நான் பின்னாளில் அச்சிட்ட சிறுநூலில்தான் படித்தேன். ஒரு வீட்டின் நினைவு சான்றாகிவிடாது என்பதை அறிவேன். எனினும் செய்முறை பெண்களின் கைவழியாகவும் விளக்கம் ஆண்கள் எழுதிய ஏட்டின் வழியாகவும் வந்திருக்கக்கூடுமா என்பதைத் தாங்கள் ஆராய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது வினாவே எனக்கு மிக முக்கியமானது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று உயிர்நீத்த அருளானந்தரைப் பற்றி இயேசு சபையாரின் கடிதங்கள் உள்ளன. நகரத்தாரிடம் ஓலைகளும் கணக்கேடுகளும் இருக்கின்றன. திருப்புவனம் பக்கத்து முதுவன்திடலில் மொகரத்தன்று பாத்திமா நாச்சியாரின் நினைவாக இந்துக்கள் பூக்குழி இறங்குவதற்குப் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியே ஆதாரம். ஒன்றைக் கடிதத்தாலும் இன்னொன்றைக் கணக்காலும் மூன்றாவதைப் பேச்சாலும் அறிந்துகொண்டு, மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி நேர்மையாகும்? கடிதம் எழுதிய குருவுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. தம் தலைமைக்கும் ஐரோப்பிய வாசகருக்கும் அவர் எழுதினார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' போன்ற ஆங்கிலேய ஆட்சிக்கால நூல்களைத் தாங்கள் மேற்கோள் காட்டும்போது, அவருக்குச் செய்தி சொன்னவர் யார் என்ற கேள்வியையும் உடன் வைப்பீர்களா? எழுதப்பட்டது என்பதாலேயே ஒன்றுக்குக் கூடுதல் நம்பிக்கை கொடுத்தால், எழுதாத ஊருக்கு நாம் அநீதி செய்கிறோம். வாய்மொழி என்பதாலேயே சோதிக்காமல் ஏற்றாலும் அந்த ஊரை நாம் மதித்ததாகாது.

முதுவன்திடல் பற்றி இன்னொன்று. இவ்விழாவைப் பற்றி எழுதும் நாளிதழ்கள் 'மத நல்லிணக்கம்' என்ற சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகின்றன. அங்கே தீ மிதிப்பவர்கள் அச்சொல்லைச் சொல்கிறார்களா? நாச்சியாருக்கு நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்கிறோம் என்று மட்டும் அவர்கள் சொன்னால், நல்லிணக்கம் என்பது நாம் அவர்கள் மீது போர்த்தும் பொன்னாடை ஆகாதா? மொகரத்தை நோன்பாலும் தொழுகையாலும் மட்டுமே கடைப்பிடிக்கும் முஸ்லிம்கள் இந்தப் பூக்குழியை எப்படிக் காண்கிறார்கள் என்பதையும் அவர்கள் வாய்ச்சொல்லாகவே கேட்க விரும்புகிறோம்.

ஓரியூரில் மொட்டை போடுவதையும் அங்கிருந்து செம்மண் எடுத்துச் செல்வதையும் 'இந்து வழக்கத்தின் எச்சம்' என்று கூறுவோர் உண்டு. மொட்டை ஒரு மதத்தின் உடைமையா, இந்த மண்ணின் பொது வழக்கா என்பதற்குத் தங்கள் விடை வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒன்று. காரைக்குடி அவையில் தாங்கள் ஆற்றவிருக்கும் இதே உரையை, ஒரு சொல்லும் மாற்றாமல், முதுவன்திடல் பூக்குழித் திடலிலும் ஓரியூர்க் கோயில் வாசலிலும் ஆற்ற இயலுமா? இயலாது எனில், எந்தச் சொல்லை மாற்றுவீர்கள், ஏன்?