பொருள்: மார்ச் 9 முதல் 20 வரை நான் விடுப்பில், முடிவெடுப்பவர் கவிதா

அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் 9 திங்கள் முதல் 20 வெள்ளி வரை விடுப்பில் இருக்கிறேன். 23 திங்கள் காலை வந்துவிடுவேன். இடைப்பட்ட 10 வேலைநாளும் மெயில், சாட் எதையும் பார்க்க மாட்டேன். "அவ்வப்போது பார்க்கிறேன்" என்று சொன்னால் என் பதிலுக்காக நீங்கள் காத்திருப்பீர்கள், வேலை நின்றுவிடும்.

அந்த நாட்களில் என் இடத்தில் கவிதா முடிவெடுப்பார். அன்றாட முன்னுரிமை, ஒப்புதலான பட்ஜெட்டுக்குள் வரும் செலவு, வாடிக்கையாளர் புகாருக்கான பதில், விடுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. என்னிடம் உறுதிப்படுத்த வேண்டியதில்லை. திரும்பி வந்து நான் மாற்றப்போவதும் இல்லை. அவருக்கு எழுதும்போது எனக்கும் ஒரு நகல் போட வேண்டாம். நகலைப் பார்த்தால், நான் தலையிடுவேனோ என்று பாதிப் பேர் காத்திருப்பார்கள்.

12 வியாழன் ரிலீஸ்: போகலாமா, தள்ளலாமா என்பதை 11 புதன் மாலை 4 மணிக்குக் கவிதா சொல்வார். பில் தொகையைப் பாதிக்கும் பிழை ஒன்றே ஒன்று தீராமல் இருந்தாலும் தள்ளிவைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ரிலீஸுக்குப் பிறகு தொகை தப்பாக வந்தால் முரளி யாரையும் கேட்காமல் உடனே பழைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம். கவிதாவுக்குச் சொல்வது அதற்கு அப்புறம். அனுமதி தேடும் பத்து நிமிடத்திலும் தப்பான பில் போய்க்கொண்டேதான் இருக்கும்.

17 செவ்வாய் மதியம் 1 மணியிலிருந்து 6 மணி வரை கவிதா பயிற்சியில் இருப்பார். அந்த ஐந்து மணி நேரம் மட்டும் முரளியைக் கேளுங்கள்.

ஆள் தேர்வு, சம்பளம், ஒப்பந்த விலை ஆகிய மூன்றும் கவிதாவின் வரம்பில் இல்லை. அவசரமென்றால் பிரிவுத் தலைவர் நிர்மலாவிடம் கவிதா பேசுவார்; இல்லையென்றால் 23 வரை காத்திருக்கட்டும்.

விடுப்பு விண்ணப்பங்கள் 9ஆம் தேதி முதல் போர்ட்டலில் கவிதாவுக்குப் போகும்படி மாற்றிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே என் பெயரில் நிற்பவை அவருக்குத் தானாக மாறாது. உங்களுடையது ஏதாவது அப்படி நின்றால் 5 வியாழன் மதியத்துக்குள் சொல்லுங்கள், முடித்துவிட்டுப் போகிறேன். என் பாஸ்வேர்டை யாருக்கும் தரவில்லை. தேவையான அனுமதிகள் கவிதாவின் கணக்கிலேயே இருக்கின்றன.

வாடிக்கையாளர் தரவு கசிந்தாலோ, நம்மில் யாருக்காவது ஆபத்து என்றாலோ மட்டும் என்னைப் போனில் அழைக்கலாம். அதையும் கவிதா அல்லது நிர்மலா செய்யட்டும். ஆளாளுக்கு அழைத்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும்.

6 வெள்ளி காலை 11 மணிக்கு அரை மணி நேரம் கூடுவோம். பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியலைக் கவிதாவிடம் உங்கள் முன்னிலையில் ஒப்படைக்கிறேன். இந்த மெயிலில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அங்கே கேளுங்கள்.

ரவி