தலைகீழ் சிரிப்பு

எங்கள் கல்யாண வாட்ஸ்அப் குழுவில் அப்பா முதன்முதலாகப் போட்ட பெரிய பதிவு மண்டபம் பற்றியதுதான். 'காட்பாடியில் மண்டபம் முடிவாயிற்று. ஏசி கிடையாது. 36 மின்விசிறி உண்டு. பின்பக்கம் வேப்ப மரம் உள்ளது. இதனால் ரூ.60,000 மிச்சம்.' குடியாத்தம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கணக்கோடு சொல்லித்தான் பழக்கம்.

முகூர்த்தம் சித்திரைக் கடைசியில், அதாவது அக்னி நட்சத்திரம் நடக்கிற நேரத்தில். அந்த வெயிலில் வேலூரில் பட்டுப்புடவை கட்டி ஹோமத்தின் முன்னால் உட்காரப்போகிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

கொஞ்ச நேரத்தில் ஆரணியிலிருந்து என் நாத்தனார் நிவேதா பதில் போட்டாள். 'மே மாசம், வேலூர், ஏசி இல்லாத மண்டபம். சூப்பர் மாமா 🙃'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பாவோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் போனையே தலைகீழாகத் திருப்பினார்.

"பாரு, சிரிக்குது. நேரா வெச்சிப் பார்த்தா அழகா சிரிக்குதும்மா. பொண்ணு சந்தோஷத்துல குட்டிக்கரணம் போடுது."

"அது கிண்டல்பா."

"உங்கம்மா மாதிரியே பேசுற. இன்னா கிண்டல்? சூப்பர்னு எழுதியிருக்குதே."

அம்மா சமையலறையிலிருந்து, "எனக்கு வாயே இல்லப்பா" என்றாள். மண்டபம் பார்க்கப் போன நாளிலிருந்து அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் தடுப்பதற்குள் அப்பா அந்தப் பொம்மையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினார்: 'நன்றி அம்மா. அந்த வீட்டில் உனக்கு ஒருத்திக்குத்தான் என் மனசு புரிகிறது 🙃🙃🙃'

குழு அப்படியே அடங்கிப் போனது. அதுவரை காலை வணக்கமும் முருகன் படமுமாகக் கொட்டிக்கொண்டிருந்த சித்தப்பாக்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை சரவணன் எனக்குப் போன் செய்தார். "உங்கப்பா ரொம்ப கோவமா இருக்காரா? மூணு போட்டிருக்காரே. நிவேதா அழுதுட்டிருக்கா. அப்பா அவளைப் பிடிச்சித் திட்டிட்டாரு." அப்பா உண்மையிலேயே நன்றிதான் சொன்னார் என்று நான் சொன்னால், சரவணன் அதையும் குத்தல் என்றே எடுத்துக்கொண்டார். இனி எதைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

கூடத்துக்கு வந்தால் அப்பா முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். நிவேதா போட்டதை அழித்துவிட்டாள். அவள் பேருக்குக் கீழே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

"எனக்கு சப்போர்ட்டா ஒரு வார்த்தை சொல்லிடுச்சாம், அதுக்குப் புள்ளைய மிரட்டி அழிக்க வெச்சிட்டாங்க" என்றவர், நேராகச் சம்பந்திக்கே போன் போட்டார்.

"சம்பந்தி, நிவேதாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது மனசுல பட்டதச் சொல்லுச்சி. அந்தப் பொண்ணு சொன்னதுல இன்னா தப்பு? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கிற மனுஷர், பேச்சில் எப்போதும் ஒரு மிடுக்கு இருக்கும். அன்றைக்குக் குரல் இறங்கிவிட்டது. "தப்பில்லதான் சம்பந்தி. வெயில் காலம் பாருங்க, வயசானவங்க வருவாங்க. எங்களுக்கே கேக்கணும்னு இருந்தது, எப்படிக் கேக்குறதுன்னுதான்... சத்துவாச்சாரில ஒரு ஏசி மண்டபம் காலியா இருக்குதாம். கூட ஆகுற செலவுல பாதி எங்களுது. நீங்க மறுக்கக்கூடாது."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பாதிக் காசைத் தானாக நீட்டும்போது கேள்வி கேட்கிற வழக்கம் கண்டக்டர்களுக்குக் கிடையாது. "உங்க மனசு யாருக்கு வரும் சம்பந்தி" என்று போனை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பொண்ணுக்காகப் பேசினேன், ஆளு பயந்துட்டாரு" என்றார்.

காட்பாடி மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க அப்பா நடந்த நடையைச் சொன்னால் அது தனிப் புராணம். அம்மா மட்டும் அன்று இரவு உணவுக்கு முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்தாள், காரணம் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா சத்துவாச்சாரி மண்டபத்தின் விவரத்தைக் குழுவில் போட்டார். ஏசி எத்தனை டன், ஜெனரேட்டர் உண்டா, பார்க்கிங்கில் எத்தனை வேன் நிற்கும், எல்லாம். முதல் பதில் நிவேதாவிடமிருந்துதான். 'ரொம்ப நன்றி மாமா. மனசார சொல்றேன் 🙏'

அப்பா போனை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார்.

"முன்ன மாதிரி இல்லியே. ஒப்புக்குக் கும்பிடு போட்ட மாதிரி கீது" என்றார். "ஏம்மா, நிவேதாவுக்குப் பழைய மண்டபம்தான் பிடிச்சிருந்துதோ?"